பழைய குடும்ப வீட்டை விற்கும் விளம்பரம்: தலைப்பில் எதை முதலில் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது வருடத்துக்கு மேலான வீடு. சொல்ல வேண்டியது ஒரு பக்கத்துக்கு இருக்கிறது. தலைப்பில் எதை முன்னால் வைப்பது?

இரண்டே விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வாங்குபவர் பணம் செலவழித்தாலும் எளிதில் உண்டாக்கிக்கொள்ள முடியாதது. அதே விலையில் விற்பனைக்கு நிற்கும் மற்ற வீடுகளில் அரிதாக இருப்பது. மற்றொன்று, பழைய வீடு என்றதும் அவருக்கு வரும் பெரிய பயத்துக்கு நேரான பதில்.

முதல் வகையில் வருபவை: வீடு இருக்கும் இடம், மனையின் அளவும் வடிவமும், வெளிச்சம் வரும் திசை, அறைகளின் அமைப்பு, கீழ்த்தளத்திலேயே படுக்கையறை இருப்பது, வளர்ந்து நிழல் தரும் மரங்கள். இரண்டாவது வகையில் வருபவை: மின்வயரிங், தண்ணீர்க் குழாய்கள், கூரை, ஈரக்கசிவு. பழைய வீட்டை வாங்க வருகிறவர் கணக்குப் போடுவது இந்த இரண்டு வகைகளுக்கு நடுவில்தான். 'இப்படி ஒரு அமைப்பு புதிய வீட்டில் கிடைக்காது, ஆனால் வாங்கினால் எவ்வளவு செலவு இழுக்குமோ' என்று யோசிக்கிறார். அந்த வாக்கியத்தின் இரு பாதிக்கும் தலைப்பு பதில் சொன்னால் போதும். மீதியெல்லாம் விளம்பரத்தின் உள்ளே போகட்டும்.

படுக்கையறை எண்ணிக்கையும் சதுர அடியும் தலைப்பில் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்?

பார்ப்பார்கள். ஏனென்றால் அந்த விவரங்களை இணையதளப் படிவத்தில் தனிக் கட்டங்களில் நீங்கள் ஏற்கெனவே நிரப்பியிருப்பீர்கள். தேடுகிறவர் நான்கு படுக்கையறை, இந்த விலைக்குள், இந்தப் பகுதி என்று வடிகட்டிவிட்டுத்தான் பட்டியலுக்கு வருகிறார். அவர் கண் முன் நிற்கும் எல்லா வீடுகளுமே நான்கு படுக்கையறை வீடுகள்தான். அந்தக் கூட்டத்தில் நின்று 'எனக்கும் நான்கு படுக்கையறை' என்று சொல்வதால் என்ன பயன்? பெரும்பாலான தளங்களில் தலைப்புக்கு மேலேயோ கீழேயோ அதே எண்ணிக்கை தானாகவே அச்சாகியிருக்கும்.

தனிக் கட்டம் இல்லாத இடங்களில், அதாவது செய்தித்தாள் வரி விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி, சுவரொட்டி போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கே எண்ணிக்கை இல்லாமல் முடியாது. ஆனாலும் அதைச் சுருக்கமாக நடுவில் வையுங்கள், முதலில் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த விலைக்கு அந்தப் பகுதியில் வழக்கமாக மூன்று அறைதான் கிடைக்கும், உங்களிடம் ஐந்து இருக்கிறது என்றால் எண்ணிக்கையே அரிய விஷயமாகிவிடுகிறது. அப்போது அதை முன்னால் போடலாம்.

எது அரிது என்று வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? நமக்கு நம் வீட்டில் எல்லாமே அரிதாகத்தான் தெரிகிறது.

உங்கள் வீட்டை மறந்துவிட்டு, வாங்குபவராக உட்கார்ந்து தேடுங்கள். உங்கள் விலைக்குக் கொஞ்சம் மேலும் கீழும், அதே பகுதி, அதே எண்ணிக்கையில் அறைகள் என்று வடிகட்டி, வரும் முதல் பதினைந்து இருபது விளம்பரங்களைப் படியுங்கள். தலைப்பை மட்டும் அல்ல, படங்களையும் வரைபடத்தையும் பாருங்கள். ஒரு தாளில் உங்கள் வீட்டின் சிறப்புகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை விளம்பரங்களில் வருகிறது என்று கோடு போட்டுக்கொண்டே போங்கள். அதிகம் கோடு விழுந்தவை தலைப்பில் வேலைக்கு ஆகாது. கோடே விழாமல் நிற்பவற்றில் எது மாற்ற முடியாதது என்று பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வது அனேகமாகக் கோடு நிறைந்த வரியில் இருக்கும். அவர் சாதாரணம் என்று விட்டுவிட்டது காலியாக நிற்கும். இருபது வருடம் குடியிருந்தவருக்குக் கீழ்த்தள அறை என்பது பெட்டிகள் அடுக்கிவைக்கும் அறை. மூட்டுவலி உள்ள அம்மாவோடு வீடு தேடுகிறவருக்கு அதுதான் வீடே.

போன வருடம் சமையலறையை முழுக்கப் புதுப்பித்தேன். நிறையச் செலவு. அதுதானே முதலில் வர வேண்டும்?

செலவு செய்த உங்களுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும், சரி. ஆனால் வாங்குபவர் பார்வையில் அலமாரி, டைல்ஸ், மேடைக்கல் எல்லாம் ரசனை சார்ந்தவை. உங்கள் நிறம் அவருக்குப் பிடிக்காமல் போகலாம். படத்தில் ஒரு நொடியில் தெரிந்துவிடுகிற விஷயமும்கூட. படம் சொல்லிவிட்டதைத் தலைப்பும் சொன்னால், தலைப்பின் இடம் வீணாகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய வீட்டில் புதிய சமையலறை மட்டும் தலைப்பில் நின்றால், விவரம் தெரிந்தவர் உடனே கேட்பது, 'பின்னால் இருக்கும் குழாயும் வயரும் பழசா?' என்பதுதான். விற்பதற்காக மேற்பூச்சு வேலை மட்டும் செய்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிடும். சமையலறையோடு சேர்த்துக் குழாயையும் மின்சுற்றையும் மாற்றியிருந்தால் அதைச் சொல்லுங்கள். புதிய சமையலறை உள்ளே, முதல் பத்தியில் வரட்டும்.

வயரிங், குழாய் என்றெல்லாம் தலைப்பில் போட்டால் வறட்சியாக இல்லையா?

வறட்சிதான். ஆனால் பழைய வீட்டுக்கு அந்த வறட்சி நல்லது. இவை சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் இருப்பவை. வாங்கிய பிறகு மாற்றுவதென்றால் சுவரை உடைத்து, பூசி, மறுபடி வண்ணம் அடித்து, அதுவரை வேறெங்காவது தங்க வேண்டும். அதனால்தான் இவற்றைப் பற்றிய ஒரு வரி, அலமாரியைப் பற்றிய பத்து வரியைவிட அதிகம் வேலை செய்கிறது.

உதாரணமாகப் பழைய துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு தேய்ந்ததும் உட்புறம் துருப்பிடித்துத் தடித்து, தண்ணீர் போகும் வழி வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும். காலையில் முதலில் திறக்கும் குழாயில் சற்று நேரம் பழுப்பு நிறத் தண்ணீர் வரும். ஒரு குழாய் ஓடும்போது இன்னொன்றைத் திறந்தால் இரண்டுமே சோர்ந்துவிடும். வீடு பார்க்க வரும் அனுபவசாலி செய்யும் முதல் வேலை இரண்டு குழாய்களைச் சேர்த்துத் திறந்து பார்ப்பதுதான். மின்சாரத்தில் அவர் பார்ப்பது பெட்டியை: பழைய பியூஸ் கட்டைகளா, சர்க்யூட் பிரேக்கர்களா, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் இருக்கிறதா, எர்த் இணைப்பு எல்லா அறைக்கும் போயிருக்கிறதா என்று.

இவற்றைத் தலைப்பில் சொல்வதானால் மூன்று நிபந்தனைகள். வேலை முழு வீட்டுக்கும் நடந்திருக்க வேண்டும். சமையலறைக்கு மட்டும் புதிய வயர் இழுத்துவிட்டு 'புது வயரிங்' என்று எழுதினால், பார்க்க வந்த அன்றே குட்டு வெளிப்பட்டுவிடும். வருடத்தைச் சொல்ல வேண்டும்; 'சமீபத்தில்' என்பது ஆறு மாதமாகவும் இருக்கலாம், பன்னிரண்டு வருடமாகவும் இருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். ரசீதோ ஒப்பந்தக்காரரின் விலைப்பட்டியலோ கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, செய்த வேலையைச் சொல்லுங்கள், அதன் விளைவுக்கு உறுதி கொடுக்காதீர்கள். '2022இல் கூரைக்கு நீர்க்காப்புப் பூச்சு' என்பது நடந்த உண்மை. 'கசிவே இல்லாத கூரை' என்பது நீங்கள் எழுத்தில் கொடுக்கும் வாக்குறுதி. அடுத்த மழையில் ஒரு சொட்டு விழுந்தால் பேரத்திலோ வழக்கிலோ அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

வீட்டின் வயதைத் தலைப்பில் சொல்லலாமா, இல்லை தவிர்ப்பது புத்திசாலித்தனமா?

மறைக்க முடியாது. படத்தில் ஜன்னல் கம்பியையும் தரையையும் பார்த்தாலே பத்து வருடம் முன்னே பின்னே வயதைச் சொல்லிவிடுவார்கள். கட்டிய ஆண்டுக்குப் படிவத்தில் கட்டம் இருந்தால் அதைச் சரியாக நிரப்புங்கள். தலைப்பில் திரும்பச் சொல்லத் தேவையில்லை. கட்டம் இல்லாவிட்டால், உள்ளே முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை, வயதை வீடு பார்க்கும்போது தெரிந்துகொள்கிறவர், வேறு என்னென்ன மறைத்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்.

வயதே தலைப்பில் முன்னால் வர வேண்டிய வீடுகளும் உண்டு. கட்டடத்தின் காலத்துக்கே உரிய வேலைப்பாடு அழியாமல் இருந்து, அதைத் தேடி வருகிறவர்கள் இருக்கும் வீடுகள் அவை. சாதாரணக் குடும்ப வீட்டுக்கு 'பாரம்பரிய வீடு' என்று பட்டம் கட்டினால், தேக்குத் தூண்களை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாந்து திரும்புவார்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முழுசாக எழுதிக் காட்ட முடியுமா?

கற்பனையாக ஒரு வீடு. 1978இல் கட்டியது, இரண்டு தளம். மாடியில் மூன்று படுக்கையறை, கீழே ஒன்று. கீழ் அறையை ஒட்டிக் குளியலறை இருக்கிறது, மாடியில் இன்னொன்று. தெருவின் கடைசி வீடு, அதனால் கடந்துபோகும் வாகனம் இல்லை. ரயில் நிலையத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை. வயரிங்கும் தண்ணீர்க் குழாய்களும் 2021இல் முழுவதும் மாற்றியவை. சமையலறை அலமாரிகள் போன வருடம் போட்டவை. மாடிக் குளியலறை டைல்ஸ் பழசு. பின்னால் பெரிய தோட்டம்.

வீட்டுக்காரர் முதலில் எழுதியது இது:

*அழகான, விசாலமான குடும்ப வீடு விற்பனைக்கு! 4 படுக்கையறை, புதிய சமையலறை, அமைதியான சூழல்*

இதில் ஒவ்வொன்றாகக் கழிப்போம். 'விற்பனைக்கு' என்பது விற்பனைப் பகுதியில்தான் இருக்கிறது, தேவையில்லை. நான்கு படுக்கையறை என்பது வடிகட்டியிலேயே வந்துவிட்டது. புதிய சமையலறை படத்தில் தெரியும். 'அழகான', 'விசாலமான', 'அமைதியான' மூன்றும் பக்கத்தில் இருக்கும் விளம்பரங்களிலும் அப்படியே இருக்கின்றன. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது 'குடும்ப வீடு'. நான்கு அறை உள்ள வீட்டை வேறு யார் தேடப்போகிறார்கள்?

இப்போது தாளில் கோடு போட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய தோட்டம், பதினெட்டு விளம்பரங்களில் பதினொன்றில் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம், அந்தப் பகுதி முழுவதற்கும் பொது. ஒன்பது பேர் சொல்லியிருக்கிறார்கள். கடைசி வீடு, நான்கு. குளியலறையோடு கீழ்த்தளப் படுக்கையறை, ஒன்று. முழு வயரிங் மாற்றியதை வருடத்தோடு சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

ஆக, கீழ்த்தள அறைதான் முதல் இடத்துக்கு வருகிறது. கடைசி வீடு என்பதும் மாற்ற முடியாத விஷயம்தான், கொஞ்சம் தயங்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் அது வரைபடத்தைத் தொட்டவுடன் தெரிந்துவிடும். கீழ் அறை வரைபடத்திலும் தெரியாது, எந்தக் கட்டத்திலும் வராது, படத்தில் பார்த்தாலும் அது எந்தத் தளம் என்று புரியாது. தலைப்பு சொல்லாவிட்டால் வேறு எதுவும் சொல்லப்போவதில்லை. இரண்டாவது இடம் பயத்துக்கான பதிலுக்கு. குழாயா வயரிங்கா என்றால், தீப்பிடிக்கும் பயமும் இருப்பதால் வயரிங்கை வைப்பேன்.

*கீழ்த்தளத்தில் குளியலறையோடு படுக்கையறை; 2021இல் புது வயரிங்*

உள்ளே முதல் வரி இப்படித் தொடங்கலாம்: '1978இல் கட்டிய வீடு. மின்வயரிங்கும் தண்ணீர்க் குழாய்களும் 2021இல் முழுவதும் மாற்றப்பட்டன, ரசீதுகள் உண்டு. தெருவின் கடைசி வீடு. மாடிக் குளியலறை டைல்ஸ் பழையவை.' அந்தக் கடைசி வரியைப் போட வீட்டுக்காரர் தயங்குவார். போடலாம். டைல்ஸ் மாற்றுவது என்னவென்று எல்லோருக்கும் தெரியும், பயமுறுத்தாது. முன்னால் சொன்னவற்றை நம்பவும் வைக்கிறது.

இதே வீடு, மாடிப்படியே இல்லாத ஒரே தள வீடுகள் நிறைந்த பகுதியில் இருந்திருந்தால் கீழ்த்தள அறைக்கு எந்த மதிப்பும் இல்லை. அப்போது கடைசி வீடு என்பது முதலில் வந்திருக்கும்.

'அழகான', 'விசாலமான' எல்லாம் போடாவிட்டால் தலைப்பு மொட்டையாக இருக்காதா?

இருக்கட்டும். பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் அமெரிக்க வீட்டு விளம்பரங்களின் சொற்களை விற்ற விலையோடு ஒப்பிட்டபோது, கிரானைட், மேப்பிள் போன்ற பொருட் பெயர்கள் அதிக விலையோடும், 'அற்புதமான', 'விசாலமான' போன்ற பொத்தாம்பொதுச் சொற்கள் குறைந்த விலையோடும் சேர்ந்து வந்தன. அந்தச் சொல்தான் விலையைக் குறைத்தது என்று இதற்கு அர்த்தமில்லை. சொல்ல உருப்படியாக எதுவும் இல்லாதபோதுதான் அப்படிப்பட்ட சொற்கள் வருகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். பழகிய வாங்குபவரும் அப்படித்தான் படிக்கிறார்.

பழைய வீட்டு விளம்பரத்தில் சில சொற்களுக்கு ரகசிய அர்த்தமே உண்டாகிவிட்டது. 'அடக்கமான' என்றால் சின்னது, 'வாய்ப்புகள் நிறைந்த' என்றால் வேலை நிறைய இருக்கிறது, 'அசல் நிலையில்' என்றால் யாரும் கை வைக்கவில்லை. நீங்கள் நல்ல எண்ணத்தில் எழுதினாலும் படிப்பவர் இந்த அகராதியை வைத்துத்தான் படிப்பார். விசாலம் என்று சொல்லத் தோன்றினால் எது விசாலம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். '18 அடி நீளக் கூடம்' என்று எழுதினால் படிப்பவர் தன் சோபாவை அதில் போட்டுப் பார்த்துவிடுவார்.

மனை பெரியது. குடியேறுகிறவரும் வாங்கலாம், இடித்துக் கட்டுகிறவரும் வாங்கலாம். இருவருக்கும் சேர்த்து எழுதலாமா?

கூடாது. இதில் பலர் சறுக்குகிறார்கள். 'நல்ல நிலையில் உள்ள வீடு, இடித்தும் கட்டலாம்' என்று எழுதினால், குடியேற வந்தவருக்கு 'வீட்டுக்காரரே இதை இடிக்கத் தகுந்தது என்கிறார்' என்று கேட்கிறது. இடிக்க வந்தவருக்கோ, வீட்டுக்கும் சேர்த்து விலை சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்கிறது. இருவருமே பேரத்தைக் குறைவாகத் தொடங்குவார்கள்.

யாருக்கு எழுதுவது என்பதை ஒரு சிறு கணக்கு சொல்லிவிடும். அந்தப் பகுதியில் காலி மனை சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, அதை உங்கள் மனையின் சதுர அடியால் பெருக்குங்கள். நீங்கள் கேட்கும் விலையில் ஏறக்குறைய முழுவதையும் மனையே எடுத்துக்கொண்டால், கட்டடத்துக்கு நீங்களே மதிப்புப் போடவில்லை என்று அர்த்தம். அப்போது தலைப்பில் மனைதான் முதலில்: பரப்பு, முகப்பு அகலம், முன்னால் உள்ள சாலையின் அகலம், மூலை மனையா என்பது. கட்டுகிறவர் பார்ப்பது இவற்றைத்தான். பரப்பு பெரிதாக இருந்தும் முகப்பு குறுகலாக இருந்தால் அவருக்கு உபயோகம் குறைவு. மாறாக, விலையில் கணிசமான பங்கு கட்டடத்துடையது என்றால் இடிப்பதைப் பற்றி எங்குமே பேச வேண்டாம். கட்டுகிறவருக்கு மனை அளவு கட்டத்தில் தெரிந்துவிடும், அவர் தானாகவே வருவார்.

மாடி எழுப்பலாம், பின்னால் நீட்டலாம் என்பதும் இதே வகைதான். அனுமதி கையில் இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், அது பெரிய விஷயம். 'அனுமதி கிடைக்கும்' என்பது உங்கள் கையில் இல்லாத ஒன்றை விற்பது.

'குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு ஏற்றது' என்று எழுதினால் சரியான ஆட்கள் வருவார்கள் அல்லவா?

யார் வாங்க வேண்டும் என்று எழுதாமல் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பள்ளிக்கு ஆறு நிமிட நடை, சுற்றுச்சுவரோடு தோட்டம் என்றால் குழந்தைகள் உள்ளவர் தானே புரிந்துகொள்வார். வயதானவர்களும் தனியாக இருப்பவர்களும் விலகிப்போக மாட்டார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில், குடும்பநிலை, மதம் போன்றவற்றை வைத்து விருப்பம் காட்டும் வீட்டு விளம்பரத்துக்குச் சட்டத் தடையே இருக்கிறது.

தலைப்பு எத்தனை எழுத்து இருக்கலாம்?

தளம் அனுமதிக்கும் அளவு ஒன்று, கைபேசிப் பட்டியலில் வெட்டுப்படாமல் தெரியும் அளவு இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம். அதைக் கண்டுபிடிக்க உங்கள் கைபேசியிலேயே பட்டியலைத் திறந்து, மற்றவர்களின் தலைப்பு எந்த இடத்தில் மூன்று புள்ளியாக முடிகிறது என்று பாருங்கள். உங்கள் முதல் சிறப்பு அதற்குள் முழு அர்த்தத்தோடு முடிந்துவிட வேண்டும்.

தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை உண்டு. கணினி பொதுவாகக் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். 'வீடு' நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு. மேலே சொன்ன 'கீழ்த்தளத்தில் குளியலறையோடு படுக்கையறை' என்பது இடைவெளிகளோடு நமக்கு 23, கணினிக்கு 38. முழுத் தலைப்பும் 59 ஆகிறது. அதனால் 60 எழுத்து என்று அனுமதித்தால் நீங்கள் நினைத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கும். 'குழாய்' தலைப்பில் இடம்பெறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் படம் எதுவாக இருக்க வேண்டும்? வீட்டின் முகப்புதானே?

பெரும்பாலும் முகப்புதான். ஆனால் தலைப்பு சொல்லும் விஷயம் முதல் மூன்று படங்களுக்குள் கண்ணில் பட வேண்டும். கீழ்த்தள அறை என்று தலைப்பில் சொல்லிவிட்டு, அந்த அறையின் படம் பதினான்காவதாக இருந்தால் பாதிப் பேர் அதுவரை தள்ளிப் பார்க்க மாட்டார்கள். அறையின் கதவு கூடத்துக்குத் திறப்பது தெரியும்படி எடுத்தால் தளம் எது என்று சொல்லாமலே விளங்கும். புதிய மின்பெட்டியையும் ஒரு படம் எடுத்துக் கடைசியில் போடுங்கள். யாரும் ரசிக்க மாட்டார்கள், தேடுகிறவர் மட்டும் பார்ப்பார்.

தலைப்பு எடுபடவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பல தளங்கள் பட்டியலில் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் தொடர்புகொண்டார்கள் என்று காட்டும். காட்டப்பட்டும் திறக்கவில்லை என்றால் குறை தலைப்பிலோ முதல் படத்திலோ விலையிலோ இருக்கிறது. திறந்த பிறகு யாரும் அழைக்கவில்லை என்றால் தலைப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. உள்ளே ஏதோ இடிக்கிறது. அழைத்து, நேரில் வந்து, எல்லோரும் ஒரே இடத்தில் முகம் சுருங்கினால் தலைப்பு அளவுக்கு மீறிச் சொல்லியிருக்கிறது. அந்த மூன்றாவதுதான் மோசம், உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிடும்.

எண் காட்டாத தளமானால், அழைக்கிறவர் முதலில் என்ன கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'கீழ் அறையில் கட்டில் போட்டபின் சக்கர நாற்காலி திரும்புமா?' என்று ஒருவர் கேட்டால் தலைப்பு சரியான ஆளைப் பிடித்திருக்கிறது. 'எத்தனை சதுர அடி?' என்று மட்டுமே கேட்டால் அவர் தலைப்பைப் படிக்கவே இல்லை.

மாற்றுவதானால் தலைப்பை மட்டும் மாற்றுங்கள். விலை, படம், தலைப்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தேடுவது வீண். அப்புறம், முதல் வாரத்தையும் மூன்றாவது வாரத்தையும் ஒப்பிடாதீர்கள். தேடலைச் சேமித்து வைத்திருக்கும் எல்லோருக்கும் புதிய விளம்பரம் முதல் சில நாட்களில் ஒட்டுமொத்தமாகப் போய்ச் சேரும். அந்த அலை எந்தத் தலைப்பானாலும் வரும், வடியும். அலை வடிந்த பிறகு ஒரு வாரத்தை, தலைப்பு மாற்றிய அடுத்த வாரத்தோடு வைத்துப் பாருங்கள். அப்போதும் இரண்டு மூன்று அழைப்பு வித்தியாசத்தை வைத்து முடிவு கட்ட முடியாது.

தரகர் தன் பாணியில் 'உடனே முந்துங்கள்! அரிய வாய்ப்பு!' என்று போட்டுவிட்டார். என்ன செய்வது?

சண்டை வேண்டாம். அவருக்கும் நிறைய வீடுகள், ஒரே அச்சில் வார்த்துவிடுகிறார். நீங்கள் கோடு போட்ட தாளையும் வயரிங் ரசீதின் படத்தையும் அனுப்பி, இந்தத் தலைப்பை இரண்டு வாரம் ஓட்டிப் பார்ப்போம் என்று கேளுங்கள். யாரும் மறுப்பதில்லை, அவருக்கும் வேலை மிச்சம். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: உண்மைக்கு மாறான வரி உங்கள் வீட்டுத் தலைப்பில் போகக் கூடாது. வெளியிடும் முன் தலைப்பை உங்களுக்கு ஒரு முறை அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

ஒரு பெரிய குறை இருக்கிறது. மாடிச் சுவரில் ஈரம். அதையும் தலைப்பில் சொல்ல வேண்டுமா?

தலைப்பில் வேண்டாம், ஆனால் அந்தக் குறையோடு மோதுகிற எதையும் தலைப்பில் வைக்காதீர்கள். ஈரம் இருக்கும் வீட்டுக்குக் கூரையைப் பற்றியோ, 'உடனே குடியேறலாம்' என்றோ தலைப்பு பேசக் கூடாது. உள்ளே, எந்தச் சுவர், எவ்வளவு உயரம், காரணம் தெரிந்தால் என்ன காரணம், சரிசெய்ய வாங்கிவைத்த மதிப்பீடு எவ்வளவு என்று நான்கு வரி எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால் விளம்பரம் போடும் முன் ஒரு ஆளை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. மேலிருந்து இறங்கும் கசிவும் அடியிலிருந்து ஏறும் ஈரமும் செலவில் ஒன்றல்ல. மாடிச் சுவர் என்றால் அனேகமாகக் கூரை, மழைநீர்க் குழாய், குளியலறை இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். மழை இல்லாத நாட்களிலும் ஈரம் அப்படியே இருந்தால் முதலில் குளியலறைக் குழாயைப் பாருங்கள்.